ஒரு நாள் பேதி, மூன்று நாள் சிக்கல்: ஐ.பி.எஸ் பற்றி அலுவலகம் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

"எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு வந்துடுச்சு டாக்டர். அப்புறம் ஏன் தினமும் வயிறு உப்புது?"

நாம் வழக்கமாக எடுக்கும் பரிசோதனைகள் குடலின் அமைப்பைப் பார்க்கின்றன. புண் இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று அவை சொல்லும். ஐ.பி.எஸ் எனப்படும் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் அமைப்பில் வரும் கோளாறு அல்ல. குடல் அசையும் வேகம், குடல் நரம்புகளின் உணர்ச்சி, அந்த உணர்ச்சியை மூளை எடுத்துக்கொள்ளும் விதம் ஆகிய மூன்றும் மாறிப்போவதால் வருவது. அதை ஸ்கேனில் பார்க்க முடியாது.

ஆகவே 'எல்லாம் நார்மல்' என்றால் 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று அர்த்தமில்லை. வேறு ஆபத்தான நோய்கள் இல்லை என்பது மட்டுமே அர்த்தம். வேளச்சேரியிலிருந்தும் பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்தும் என்னிடம் வரும் இளைஞர்களில் பலர், 'ஒன்றுமில்லை, போங்க' என்று எங்கோ கேட்டுவிட்டு மனம் நொந்து வருகிறவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

"கேஸ் ட்ரபிளும் இதுவும் ஒண்ணுதானே?"

இல்லை. நம் ஊரில் ஏப்பம், நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம், மலச்சிக்கல் எல்லாவற்றையும் சேர்த்து 'கேஸ்' என்று சொல்லிவிடுகிறோம். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் பெரும்பாலும் இரைப்பை அமிலத்தைச் சேர்ந்தவை. ஐ.பி.எஸ் பெரும்பாலும் குடலைச் சேர்ந்தது. மலம் கழிப்பதோடு அது நேரடியாக ஒட்டியிருக்கும். வலி மலம் போனதும் குறையலாம், சிலருக்குக் கூடலாம். மலம் போகும் தடவையும் அதன் பதமும் வலியோடு சேர்ந்து மாறும்.

"ஸ்கோப்கூடப் பண்ணாம ஐ.பி.எஸ்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

ஐ.பி.எஸ்ஸைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்துவது 2016இல் வெளியான ரோம் நான்கு என்ற அளவுகோல். அதன்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, மலம் போகும் தடவை மாறுவதோடு வருவதாகவோ, பதம் மாறுவதோடு வருவதாகவோ இருக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

இதோடு சில எளிய பரிசோதனைகள் செய்வோம். ரத்தசோகை பார்க்க முழு ரத்தப் பரிசோதனை, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி, தைராய்டு, மலத்தில் கால்ப்ரோடெக்டின் ஆகியவை அவற்றில் முக்கியம். கால்ப்ரோடெக்டின் குடலில் அழற்சி இருந்தால் ஏறும் ஒரு புரதம். அது ஒரு கிராம் மலத்துக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முதுகுவலிக்கோ தலைவலிக்கோ ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அவற்றாலேயே இந்த அளவு ஏறிவிடும், வீணாகப் பயப்பட நேரும்.

இருபதுகளில் இருப்பவருக்கு இவை சரியாக இருந்து, அபாய அறிகுறிகளும் இல்லையென்றால், குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்து பெரும்பாலும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. அபாய அறிகுறிகள் இவை: மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது குடல் புற்றுநோய் அல்லது குடல் அழற்சி நோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் கதை வேறு.

"ஒரு நாள் தண்ணியாப் போகுது, அப்புறம் மூணு நாள் போகவே மாட்டேங்குது. நான் எதுக்கு மாத்திரை போடறது?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இரண்டும் மாறி மாறி வருவது கலப்பு வகை ஐ.பி.எஸ். இதில் நோய் பாதி என்றால், நாமே போட்டுக்கொள்ளும் மாத்திரைகளின் விளைவு மீதி. ஒருவருடைய இரண்டு வாரக் குறிப்பைச் சொன்னால் விளங்கும். அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 26, மென்பொருள் நிறுவன வேலை. ஒவ்வொரு முறை மலம் கழித்ததும் நேரத்தையும், பிரிஸ்டல் அட்டவணையில் அதன் எண்ணையும் எழுதி வரச் சொன்னேன். அந்த அட்டவணையில் ஒன்று என்றால் ஆட்டுப் புழுக்கைபோல இறுகியது, நான்கு மிருதுவான நல்ல பதம், ஏழு வெறும் தண்ணீர்.

வியாழக்கிழமை அவருக்கு ரிலீஸ் நாள். மதியச் சாப்பாடு இல்லை, டீ நான்கு, நடுவில் பஃப்ஸ், இரவு பத்து மணிக்குப் பரோட்டா. வெள்ளி காலை மூன்று முறை ஆறாம் எண். மெட்ரோவில் அவசரம் வந்துவிடுமோ என்ற பயத்தில் பேதியை நிறுத்தும் லோபராமைட் இரண்டு. சனியும் ஞாயிறும் போகவே இல்லை, வயிறு கல்லாகிவிட்டது என்று ஞாயிறு இரவு மலமிளக்கி மாத்திரையான பிசகோடில் ஒன்று. அது வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். திங்கள் காலை சரியாக அலுவலகம் கிளம்பும் நேரத்தில் முறுக்கும் வலியோடு மறுபடி ஆறாம் எண். மறுபடி லோபராமைட். புதன்கிழமை ஒன்றாம் எண். இந்த வாரத்தில் ஐ.பி.எஸ் செய்தது வெள்ளிக்கிழமை மட்டும்தான். மீதியெல்லாம் மாத்திரைகள் ஒன்றையொன்று துரத்திய வேலை. இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று முறை பேதியாகிப் பெருங்குடல் காலியான பிறகு அதில் மலம் சேரவே ஓரிரு நாள் ஆகும். அந்த இடைவெளி மலச்சிக்கல் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்புக்குள் அடக்கம்.

அவருக்கு இரண்டு மாத்திரையையும் நிறுத்தினோம். இசப்கோல் தொடங்கினோம், வியாழன் மதியம் தயிர்சாதமாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்று வைத்தோம், அன்று மட்டும் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன், குடல் இறுக்கத்தைத் தளர்த்தும் மெபெவெரின் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை பேதி முழுதாகப் போய்விடவில்லை, மூன்று முறை இரண்டானது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தானாகவே நான்காம் எண் வந்தது, திங்கள் அமைதியாக இருந்தது. ஆகவே இன்றைய மலத்தைப் பார்த்து இன்றைக்கு மாத்திரை போடாதீர்கள். இரண்டு வாரத்தை எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீண்ட பயணத்துக்கு முன் ஒரே ஒரு லோபராமைட் போடுவது தப்பில்லை. அதற்கு ஈடுகட்ட மறுநாள் மலமிளக்கி போடுவதில்தான் சுழல் தொடங்குகிறது.

"ஆபீஸ் கிளம்பறப்பதான் மூணு தடவை போகணும். லீவு நாள்ல ஒண்ணுமே இல்ல. அப்ப எல்லாம் மனப்பிரமையா?"

பிரமை இல்லை, உடலில் உண்மையாகவே நடப்பது. பதற்றம் வந்ததும் மூளை சி.ஆர்.எஃப் என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது. அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், அதே சமயம் பெருங்குடலை வேகமாக இறுக்கி அசைக்கும். மேலே கனமாக இருக்கிறது, கீழே அவசரமாக இருக்கிறது என்று பலர் ஒரே நேரத்தில் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

காலை நேரத்தில் பெருங்குடல் இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கும். வயிற்றில் உணவு விழுந்ததும் அது இன்னொரு முறை அசையும். காபியும் அதைத் தூண்டும், காஃபீன் நீக்கிய காபிக்கும் ஓரளவு அந்தக் குணம் உண்டு. 8.10 ரயிலைப் பிடிக்க வேண்டியவர் 7.30க்கு எழுந்து, நின்றபடி காபி குடித்து, இரண்டு இட்லியை விழுங்கினால் நான்கு தூண்டுதலும் அரை மணி நேரத்தில் ஒன்றாக வந்து சேர்கின்றன. முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்து, காபியையும் டிபனையும் முடித்துவிட்டு, அசைவு அடங்கும்வரை வீட்டிலேயே இருந்து பாருங்கள். ரிலீஸ் தேதியை நீங்கள் மாற்ற முடியாது, இதை மாற்ற முடியும்.

"காலைல வயிறு தட்டையா இருக்கு, சாயந்திரம் பேன்ட் இறுக்குது. அவ்வளவு கேஸ் எங்கிருந்து வருது?"

அவ்வளவு கேஸ் பெரும்பாலும் இருப்பதில்லை. 1975இல் அமெரிக்காவில் ஆர்கான் வாயுவைச் செலுத்தி, உப்புசம் உள்ளவர்களின் குடலில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று அளந்தார்கள். அவர்களிடமும் நல்ல உடல்நிலையில் இருந்தவர்களிடமும் ஏறத்தாழ ஒரே அளவு, 200 மில்லி அளவில்தான் இருந்தது. அந்தச் சாதாரண அளவையே கூர்மையாகிப்போன நரம்புகள் பெரிதாக உணர்கின்றன.

ஆனால் வயிறு கண்ணுக்குத் தெரிய முன்னால் தள்ளுகிறதே என்று கேட்பீர்கள். அதுவும் உண்மைதான். உப்புசமாக உணர்ந்ததும் சிலருக்கு உதரவிதானம் தன்னையறியாமல் கீழே இறங்கி நின்றுவிடும், முன்வயிற்றுத் தசை தளர்ந்துவிடும். உள்ளே இருப்பது அதேதான், முன்னால் வருகிறது. இரவு படுத்து எழுந்ததும் வயிறு தட்டையாகிவிடுவது பெரும்பாலும் இதனால்தான். சாப்பிட்டபின் நாற்காலியில் சாய்ந்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்கு அதிக நேரம் கொடுத்து, பத்து நிமிடம் மெதுவாகச் சுவாசிப்பது உதரவிதானத்தைத் தளர்த்தும். மருந்துக்கடை ஜெலுசிலைவிட இது உப்புசத்துக்கு உதவுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லும் பழக்கம் இருந்தால் விடுங்கள். அதிலுள்ள சார்பிட்டால் குடலில் நீரை இழுக்கும், மெல்லும்போது காற்றும் உள்ளே போகும்.

"வெங்காயம், பூண்டு நிறுத்தணும்னு படிச்சேன். அப்ப சாம்பாரே கூடாதா?"

நீங்கள் படித்தது ஃபாட்மேப் குறைந்த உணவுமுறை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில மாவுச்சத்துகளும் சர்க்கரைகளும் நீரை இழுத்து, பெருங்குடலில் புளித்து வாயுவாகின்றன. அவற்றைச் சில காலம் குறைத்துப் பார்ப்பதே முறை. நம் சமையலில் அதிகம் வருவது வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா ஆகியவற்றில் உள்ள ஃப்ரக்டான். பிறகு கொண்டைக்கடலை, ராஜ்மா.

ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடுவதில் பயனில்லை, அது ஏற்கெனவே குழம்பில் இறங்கிவிட்டது. ஆனால் எண்ணெயில் பூண்டை வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், தொந்தரவு வராது. பெருங்காயமும் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் கைகொடுக்கும். கேரட், கத்தரிக்காய் போட்டு, பருப்பைக் குறைத்து, வெங்காயமில்லாத சாம்பார் வைத்துச் சாப்பிடலாம். சோறு, இட்லி, தோசை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். 'வயிறு சரியில்லை, ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி போதும்' என்பது நம் வீடுகளில் வழக்கம். ஐ.பி.எஸ் உள்ளவருக்கு அது நேர்மாறாக முடியலாம்.

இது வாழ்நாள் பத்தியம் அல்ல. இரண்டு முதல் ஆறு வாரம் குறையுங்கள். பலன் தெரிந்தால் ஒவ்வொரு பொருளாக மூன்று நாள் சேர்த்துப் பாருங்கள், ஒத்துக்கொள்பவற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆறு வாரத்தில் பலனே இல்லையென்றால் உங்கள் தொந்தரவுக்கு உணவு முக்கியக் காரணமில்லை, பழையபடி சாப்பிடுங்கள். ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவரும், சாப்பிடவே பயப்படும் நிலைக்கு வந்துவிட்டவரும் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

"பால், டீ, காபி?"

நம்மில் பலருக்கு வயது ஏற ஏறப் பாலின் லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். அப்படிப்பட்டவருக்கும் ஒரு டீயில் உள்ள பால் அளவு தொந்தரவு தராது. அலுவலகத்தில் ஐந்து டீ, வீட்டில் ஒரு டம்ளர் பால் என்று சேரும்போதுதான் வரும். ஒரு வாரம் பாலை நிறுத்தி, மோரும் தயிரும் மட்டும் எடுத்துப் பாருங்கள். உறையும்போது லாக்டோஸ் கொஞ்சம் குறைகிறது, தயிரிலுள்ள பாக்டீரியாக்களும் அதைச் செரிக்க உதவுகின்றன.

"நார்ச்சத்து சாப்பிடச் சொன்னாங்க. சாப்பிட்டா இன்னும் உப்புது!"

நார்ச்சத்தில் இரண்டு வகை உண்டு. கோதுமைத் தவிடு கரையாதது, ஐ.பி.எஸ் உள்ளவரின் உப்புசத்தை அது கூட்டும். இசப்கோல் கரையும் வகை. நீரைப் பிடித்துக் கூழாகி நிற்பதால், இறுகிய மலத்தை இளக்கும், தண்ணீராகப் போவதைக் கெட்டிப்படுத்தும். மேலே சொன்ன கலப்பு வகைக்கு அதனால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

பெட்டியில் போட்டிருக்கும் முழு அளவில் தொடங்குவதுதான் பலர் செய்யும் தவறு. ஒரு டீஸ்பூன் மட்டும், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாகும் முன் குடியுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு மெல்லக் கூட்டலாம். முதல் சில நாள் கொஞ்சம் வாயு இருக்கும். நான்கு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பலன் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"மெடிக்கல்ல ஒரு மாத்திரை தருவாங்க, உடனே நின்னுடும். அதையே வாங்கிக்கலாமா?"

அது பெரும்பாலும் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த ஆன்டிபயாடிக். வெள்ளிக்கிழமை பேதி சனிக்கிழமை தானாகவே நின்றுவிடும் என்பதை நான்காவது பதிலில் பார்த்தோம். நடுவில் போட்ட மாத்திரைக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. கிருமித் தொற்று என்றால் காய்ச்சல், வாந்தி, இரவிலும் விடாத பேதி, ரத்தம் என்று வேறு மாதிரி வரும். தேவையில்லாமல் போடும் ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் குலைக்கிறது.

காலையில் வெறும் வயிற்றில் போடும் பேன்டப்ரசோல் அமிலத்தைக் குறைக்கும், பெருங்குடலுக்கு ஒன்றும் செய்யாது. நெஞ்செரிச்சல் இல்லாமல் மாதக்கணக்கில் அதை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

"பீரியட்ஸ் சமயத்துல ரொம்ப அதிகமாகுதே?"

ஆகும். அந்த நாட்களில் வலியும் இளகிய மலமும் கூடுவது பல பெண்களுக்கு உண்டு. குறிப்பேட்டில் அந்தத் தேதிகளையும் எழுதுங்கள். தாங்க முடியாத வலி அந்த நாட்களில் மட்டும் வருகிறது என்றால் மகப்பேறு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

"டிப்ரெஷன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. என்னை மனநோயாளின்னு நினைக்கிறாங்களா?"

இல்லை. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் எழுதியிருப்பார்கள். மனச்சோர்வுக்குத் தரும் அளவில் இது சிறு பங்கு. இந்த அளவில் அது குடலிலிருந்து மூளைக்குப் போகும் வலி உணர்ச்சியை மட்டுப்படுத்துகிறது, குடல் வேகத்தையும் குறைக்கிறது. 2023இல் இங்கிலாந்தில் 463 பேரிடம், 10இல் தொடங்கி 30 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஆறு மாத முடிவில் வெற்று மாத்திரையைவிட இது தெளிவாக நல்ல பலன் தந்தது. வாய் உலரும், காலையில் கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருக்கும். பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். மலச்சிக்கல் பக்கம் அதிகம் சாய்ந்தவருக்கு இது சிக்கலைக் கூட்டலாம், ஆகவே உங்கள் குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதற்றத்தைத் தணிக்கும் குளோர்டயசிபாக்சைடு கலந்த மாத்திரை என்றால் விஷயம் வேறு. முதல் நாளே நிம்மதி தரும், ஆனால் பழக்கமாகிவிடும். மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவர் துணையோடு அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள்.

"இது கேன்சரா மாறுமா?"

மாறாது. குடல் அழற்சி நோயாகவும் மாறாது. ஆயுளையும் குறைக்காது. பல ஆண்டுகள் வந்து வந்து போகும் தன்மை உண்டு. நன்றாக இருந்த ஒரு வருடத்துக்குப் பிறகு வேலை மாற்றத்தின்போது திரும்ப வரலாம். அப்போது பரிசோதனைகளை முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை, முன்பு எது உதவியதோ அதையே மறுபடி தொடங்கினால் போதும்.

"ரெண்டு வருஷமா ஐ.பி.எஸ்னு சொல்றாங்க. இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போறேன். இதுவும் அதேதானா?"

அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள். ஐ.பி.எஸ் மாறாது என்று மேலே சொன்னேன், ஆனால் ஐ.பி.எஸ் உள்ளவருக்குப் புதிதாக இன்னொரு நோய் வராது என்று சொல்லவில்லை. முதலில் போட்ட பெயர் தவறாகவும் இருக்கலாம். தூங்கிக்கொண்டிருப்பவரைப் பேதி எழுப்புவது ஐ.பி.எஸ்ஸின் வழக்கமில்லை. விழித்துக்கொண்டு புரண்டபின் போகத் தோன்றுவது வேறு, தூக்கத்தையே உடைத்து எழுப்புவது வேறு. இந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் குடல் காசநோயை மறக்கக் கூடாது. மாலைக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு, வலது அடிவயிற்றில் வலி என்று தொடங்கும். குடல் அழற்சி நோயில் ஒரு வகையான க்ரோன்ஸ் நோயும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு என்பதால் கொலோனோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் அப்போது அவசியம். மலத்தில் ரத்தம் கண்டால் 'மூலமாக இருக்கும்' என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். ரத்தப் பரிசோதனையும் கால்ப்ரோடெக்டினும் இரண்டு வருடம் முன்பு சரியாக இருந்தன என்பது இன்றைக்குச் சாட்சி ஆகாது. இந்த வாரமே புதிதாக எடுத்து, பழைய ரிப்போர்ட்டுகளோடு குடல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.